ஆறு வரி அசெம்பிளிக்கு மூன்று விடைகள்: ஸ்டாலை எந்த வழியில் எண்ணுவது?

முதலில் கேள்வியைப் பார்த்துவிடலாம். மிப்ஸ் பாணியில் ஐந்து ஸ்டேஜ் பைப்லைன்: IF, ID, EX, MEM, WB. ஃபார்வர்டிங் கிடையாது. ரெஜிஸ்டர் ஃபைலில் ஒரு சைக்கிளின் முற்பாதியில் எழுதலாம், பிற்பாதியில் படிக்கலாம். கீழே உள்ள ஆறு இன்ஸ்ட்ரக்‌ஷன்களும் முடிய எத்தனை சைக்கிள் ஆகும்? அதில் ஸ்டாலில் வீணானது எத்தனை?

```
I1: lw   $t0, 0($s0)
I2: add  $t1, $t0, $s1
I3: sub  $t2, $t0, $s3
I4: and  $t3, $t1, $t2
I5: sw   $t3, 4($s0)
I6: or   $t4, $t0, $t2
```

இதை ஒரு வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். சிலர் 18 என்பார்கள், சிலர் 22 என்பார்கள், மிச்சப்பேர் 16 என்பார்கள். 16தான் சரி. 18 சொன்னவரின் தாளை வாங்கிப் பார்த்தால் கூட்டல் சரியாகவே இருக்கும். 22 சொன்னவர் போட்ட கட்டமும் சரியாகவே இருக்கும். அவரவர் எடுத்துக்கொண்ட வழிதான் காலை வாரிவிட்டிருக்கும். ஆகவே எந்தத் தேர்வுக்கு எந்த வழி என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டு போவது நல்லது. புழக்கத்தில் இருப்பவை மூன்று: சார்பு ஜோடிகளைப் பிடித்து ஸ்டாலைக் கூட்டுவது, முழுக் கட்டம் வரைவது, ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனும் ID-க்குப் போகும் சைக்கிள் எண்ணை மட்டும் ஒரு நெடுவரிசையாக எழுதிக்கொண்டு போவது. மூன்றையும் இந்த ஆறு வரிகளிலேயே ஓட்டிப் பார்ப்போம்.

ஸ்டாலே இல்லாவிட்டால் எவ்வளவு என்பது மூன்றுக்கும் பொது. முதல் இன்ஸ்ட்ரக்‌ஷன் வெளியே வர 5 சைக்கிள், அதன்பின் சைக்கிளுக்கு ஒன்றாக மீதி ஐந்தும் வரும். ஆக மொத்தம் 10. இதற்கு மேல் ஆவதெல்லாம் நஷ்டக் கணக்கு.

ஜோடி கூட்டும் வழிதான் பலருக்கும் முதலில் கற்றுத்தரப்படுகிறது. விதி எளிது. ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதும் ரெஜிஸ்டரை அடுத்ததே படித்தால் 2 ஸ்டால். நடுவில் ஒன்று இருந்தால் 1. நடுவில் இரண்டு இருந்தால் ஒன்றுமில்லை. இப்போது ஜோடிகளைப் பிடிப்போம். I1-I2 `$t0`-க்காக 2. I1-I3 அதே `$t0`-க்காக, நடுவில் ஒன்று இருப்பதால் 1. I2-I4 `$t1`-க்காக 1. I3-I4 `$t2`-க்காக 2. I4-I5 `$t3`-க்காக 2. கூட்டினால் 8, பத்தோடு சேர்த்தால் 18. இரண்டு ஸ்டால் அதிகம்.

அந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு காரணத்தால் வந்தவை, அதனால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். I4-க்கு `$t1`-ம் வேண்டும், `$t2`-ம் வேண்டும். `$t2`-க்காக இரண்டு சைக்கிள் காத்திருக்கும்போதே `$t1` தயாராகிவிடுகிறது. இரண்டு பேருந்துகளில் வரும் இரண்டு விருந்தாளிகளுக்காக ஒரே நிறுத்தத்தில் நிற்பது மாதிரி: பிந்தி வரும் பேருந்து வரும்வரைதான் நிற்கிறோம், இரண்டு காத்திருப்பையும் கூட்டுவதில்லை. ஆக ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு இரண்டு சார்பு இருந்தால் பெரியதை மட்டும் எடுக்க வேண்டும். இது பலருக்கும் சொன்னவுடன் பிடிபட்டுவிடும்.

இரண்டாவதுதான் கண்ணில் படாமல் நழுவுவது. I3 `$t0`-ஐப் படிக்கிறது, I1-க்கு இரண்டு இடம் தள்ளி இருக்கிறது. விதிப்படி 1 ஸ்டால். ஆனால் நடுவில் நிற்கும் I2 ஏற்கெனவே இரண்டு சைக்கிள் நின்றுவிட்டது. அதன் பின்னால் வரும் I3-யும் அந்த இரண்டு சைக்கிளும் சேர்ந்தே நின்றது. அது ID-க்கு வரும்போது `$t0` எழுதப்பட்டு ஒரு சைக்கிள் ஆகியிருக்கும். விதியில் "நடுவில் ஒன்று" என்று சொல்வது நடுவில் இருக்கும் சைக்கிள்களைப் பற்றியது. நாமோ வரிகளை எண்ணுகிறோம். முன்னால் ஸ்டால் விழாதவரை வரியும் சைக்கிளும் ஒன்றுதான். விழுந்தபின் இரண்டும் பிரிந்துவிடும். எனவே ஜோடி வழியில் சரியாகப் போக வேண்டுமென்றால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஸ்டாலையும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஜோடியின் தூரத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். அதைச் செய்ய ஆரம்பித்தால் இந்த வழியின் வேகமே போய்விடுகிறது.

அடுத்தது முழுக் கட்டம். வரிசைக்கு ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷன், நெடுவரிசைக்கு ஒரு சைக்கிள்.

```
     1  2  3  4  5  6  7  8  9  10 11 12 13 14 15 16
I1   IF ID EX M  WB
I2      IF -  -  ID EX M  WB
I3         IF -  -  ID EX M  WB
I4                  IF -  -  ID EX M  WB
I5                     IF -  -  -  -  ID EX M  WB
I6                              IF -  -  ID EX M  WB
```

கடைசி WB 16-இல் விழுகிறது. 16-இலிருந்து 10 போக 6 ஸ்டால். பார்த்தவுடன் புரிகிறது, வாதத்துக்கு இடமில்லை. பிறகு 22 எங்கிருந்து வந்தது? கட்டத்தில் இருக்கும் கோடுகளை எண்ணிப் பாருங்கள். I2-இல் 2, I3-இல் 2, I4-இல் 2, I5-இல் 4, I6-இல் 2. மொத்தம் 12. "ஸ்டால் எத்தனை?" என்று கேட்டதும் கட்டத்தைப் பார்த்துக் கோடுகளை எண்ணி, பத்தோடு கூட்டி 22 என்று எழுதிவிடுகிறார்கள். கட்டத்திலேயே 16 என்று இருந்தும், கூட்டி வந்த எண்ணைத்தான் நம்புவார்கள்.

12 என்பது ஆறின் சரியான இரட்டிப்பாக இருப்பது தற்செயல் இல்லை. ஒரு ஸ்டால் சைக்கிளில் ID-இல் ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷன் நிற்கிறது. அதனால் வழி கிடைக்காமல் IF-இல் அடுத்தது நிற்கிறது. நஷ்டம் ஒரு சைக்கிள்தான், கோடு மட்டும் இரண்டு வரிசையில் விழுகிறது. I5-இன் நான்கு கோடுகளில் முதல் இரண்டு I4-க்காக IF-இல் நின்றது, பின் இரண்டு தன் `$t3`-க்காக ID-இல் நின்றது. சொந்தக் காத்திருப்பு எது, முன்னால் நின்றவரால் வந்த காத்திருப்பு எது என்று கட்டம் தானாகச் சொல்வதில்லை. ஆகவே கட்டம் வரைந்தால் கோடுகளைத் தொடவே கூடாது. கடைசி WB-யைப் பார், பத்தைக் கழி, அவ்வளவுதான்.

கட்டத்தில் இன்னொரு தவறு, கை வேகத்தில் வருவது. I2 ஸ்டாலில் நிற்கும்போது I3-யின் ID-ஐ வழக்கம்போல 4-ஆவது சைக்கிளில் போட்டுவிடுவது. அப்போது ID ஸ்டேஜில் இரண்டு பேர் இருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை ஒன்று உண்டு: எந்த நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தாலும் ஒரே ஸ்டேஜின் பெயர் இரண்டு முறை வரக்கூடாது. நிற்பவருக்குக் கோடு போடாமல் ID, ID, ID என்று அந்த ஸ்டேஜின் பெயரையே திரும்ப எழுதும் பழக்கம் இருந்தால் இந்தச் சோதனை இன்னும் கறாராக வேலை செய்யும்.

மூன்றாவது வழி, நான் சொந்தமாகப் பயன்படுத்துவது. கட்டத்தில் உள்ள முப்பது எழுத்துகளில் நமக்கு உண்மையில் தகவல் தருபவை ஆறுதான்: ஒவ்வொன்றும் ID-ஐ எந்த சைக்கிளில் முடிக்கிறது என்பது. ID தெரிந்தால் EX, MEM, WB எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். WB எப்போதும் ID-க்கு மூன்று சைக்கிள் தள்ளி. இந்தப் பைப்லைனில் படிக்கிற ID, எழுதுகிற WB-யோடு அதே சைக்கிளில் இருக்கலாம். எனவே ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷனின் ID எண் இரண்டில் பெரியது: முன்னவரின் ID-யோடு ஒன்று, அல்லது தனக்கு வேண்டிய மதிப்பைத் தருபவரின் ID-யோடு மூன்று. தருபவர் இருவர் என்றால் இருவரையும் பார்த்துப் பெரியதை எடுக்க வேண்டும்.

```
      முன்னவர்+1   தருபவர்+3      ID
I1        -           -             2
I2        3         I1: 5           5
I3        6         I1: 5           6
I4        7         I2: 8, I3: 9    9
I5       10         I4: 12         12
I6       13         I1: 5, I3: 9   13
```

கடைசி ID 13, அதோடு மூன்று, 16. ஸ்டால் வேண்டுமென்றால் ID எண்ணுக்கும் "முன்னவர்+1"-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்: I2-இல் 2, I4-இல் 2, I5-இல் 2. எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் எவ்வளவு நின்றது என்பதும் பிரிந்து வந்துவிடுகிறது. கட்டம் தராத தகவல் அது. ஜோடி வழியில் வழுக்கிய இரண்டு இடங்களும் இங்கே தானாகச் சரியாகின்றன. I4-க்கு 8, 9 இரண்டில் பெரியது எடுத்தோம், கூட்டவில்லை. I3-க்கு I1 சொன்ன 5-ஐ விட வரிசையில் வந்த 6 பெரியது, எனவே ஸ்டால் இல்லை. வரி தூரத்தை எங்கேயும் எண்ணவே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம்.

இதன் குறை என்ன? திருத்துபவர் கண்ணுக்கு வழிமுறை எதுவும் படாது. ஆறு எண்களை எழுதிவைத்தால், எப்படி வந்தது என்று கேட்பார். அதை அப்புறம் பார்ப்போம்.

மூன்றாவது வழியின் இன்னொரு லாபம், கேள்வியின் அனுமானம் மாறும்போது தெரிகிறது. என் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் நான் 16 என்று எழுதி மதிப்பெண் போனதும் இங்கேதான். அந்தக் கேள்வியில் முற்பாதி, பிற்பாதி என்ற வாக்கியமே இல்லை. "எழுதிய மதிப்பு அடுத்த சைக்கிளிலிருந்துதான் படிக்கக் கிடைக்கும்" என்று இருந்தது. நான் வாசித்துப் பழகியபடி பாதி பாதியாகப் பிரித்துக் கணக்குப் போட்டுவிட்டேன். அந்த அனுமானத்தில் "தருபவர்+3" என்பது "தருபவர்+4" ஆகும், வேறெதுவும் மாறாது. I2 6, I3 7, I4 11, I5 15, I6 16. மொத்தம் 19, ஸ்டால் 9. மாற்றியது ஒரே ஒரு எண்தான். கட்டத்திலோ ஐந்தாவது சைக்கிளிலிருந்து எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப வரைய வேண்டும்.

இனி ஃபார்வர்டிங். ஃபார்வர்டிங் முழுமையாக இருந்தால் கதையே வேறு. மதிப்பு இப்போது ரெஜிஸ்டர் ஃபைல் வழியாகப் போக வேண்டியதில்லை. EX முடிந்ததும் அடுத்தவரின் EX-க்கே நேராகப் போகும். அதனால் கவனிக்க வேண்டியது EX நெடுவரிசை. தருபவர் `add`, `sub` போன்றவர் என்றால் "தருபவர்+1", `lw` என்றால் மதிப்பு MEM முடிந்துதான் கிடைக்கும் என்பதால் "தருபவர்+2". நம் ஆறு வரிகளில் I1-இன் EX 3. I2-க்கு 4-க்குப் பதிலாக 5. அதன்பின் 6, 7, 8, 9 என்று தடையின்றிப் போகிறது. கடைசி EX 9, WB அதற்கு இரண்டு தள்ளி, 11. ஒரே ஒரு ஸ்டால்.

இந்த இடத்தில்தான் ஜோடி வழிக்கு நியாயமான இடம் கிடைக்கிறது. முழு ஃபார்வர்டிங் உள்ள ஐந்து ஸ்டேஜில் டேட்டா ஹசார்டால் ஸ்டால் வருவது ஒரே சூழ்நிலையில்தான்: `lw` தரும் மதிப்பை அதை ஒட்டிய அடுத்த வரியே EX-இல் கேட்பது. அப்படிப்பட்ட ஒட்டிய ஜோடிகளை விரலால் எண்ணினால் முடிந்தது. தூரம் ஒன்றை மட்டும் பார்ப்பதால் முன்னால் விழுந்த ஸ்டால் எதையும் குழப்பாது. ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒட்டிய முன்னவர் ஒருவர்தானே, அதனால் இரட்டை எண்ணிக்கைக்கும் வழியில்லை. இதற்குப் போய் கட்டம் வரைவது நேர விரயம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். `lw`-க்கு அடுத்து `sw` வந்து, அதே ரெஜிஸ்டரைச் சேமிக்க வேண்டிய மதிப்பாக எடுத்தால், அது `sw`-க்கு MEM-இல்தான் தேவை. MEM-இலிருந்து MEM-க்கு ஃபார்வர்டிங் பாதை இருப்பதாகக் கேள்வி சொன்னால் ஸ்டால் இல்லை, இல்லையென்றால் ஒன்று. அதே ரெஜிஸ்டர் `sw`-இன் முகவரிக்குப் பயன்பட்டால் EX-இல் தேவை, எப்படியும் ஒரு ஸ்டால். `sw $t0, 0($t1)` என்பதில் `$t0` எந்த வேலைக்கு, `$t1` எந்த வேலைக்கு என்று பார்க்காமல் எழுதுபவர்கள் இங்கே ஒன்று கூடவோ குறையவோ எழுதுவார்கள்.

இப்போது முழுக் கட்டம் எங்கே வெல்லும் என்று பார்ப்போம். 2010 கேட் கணினி அறிவியல் தாளில் ஒரு கேள்வி வந்தது. IF, ID, OF, PO, WB என ஐந்து ஸ்டேஜ். OF-இல் ஆபரண்டை எடுக்கும், PO-வில் கணக்கைச் செய்யும். PO தவிர மற்றவை ஒவ்வொரு சைக்கிள். PO மட்டும் கூட்டல், கழித்தலுக்கு 1, பெருக்கலுக்கு 3, வகுத்தலுக்கு 6 சைக்கிள் எடுக்கும். ஆபரண்ட் ஃபார்வர்டிங் உண்டு.

```
I0: MUL R2, R0, R1
I1: DIV R5, R3, R4
I2: ADD R2, R5, R2
I3: SUB R5, R2, R6
```

பழக்க தோஷத்தில் ஜோடிகளைப் பிடிக்க ஆரம்பித்தால் இதில் ஏகப்பட்டது கிடைக்கும். I2-க்கு I1-இன் R5 வேண்டும், I0-இன் R2 வேண்டும். I3-க்கு I2-இன் R2 வேண்டும். R2-ஐ I0-வும் எழுதுகிறது, I2-வும் எழுதுகிறது. I2 படிக்கும் R5-ஐ I3 மேலெழுதுகிறது. இவற்றில் கடைசி இரண்டு வகையும், அதாவது எழுதியதை மீண்டும் எழுதுவதும், படித்ததன்மேல் எழுதுவதும், வரிசை மாறாமல் ஓடும் இந்தப் பைப்லைனில் ஒரு சைக்கிளும் தின்னாது. மற்றவையும்கூட ஃபார்வர்டிங் இருப்பதால் எதுவும் தின்னாது. நஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது: PO ஒன்றே ஒன்றுதான், அதை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். I0-வும் I1-உம் ஒன்றையொன்று எதற்கும் சார்ந்திருக்கவில்லை. இருந்தும் I1 இரண்டு சைக்கிள் நிற்கிறது. ஜோடி வழி இதைப் பார்க்கவே பார்க்காது.

கட்டத்தில் இது தானாகத் தெரியும். I0-வின் PO 4 முதல் 6 வரை. I1 நான்காவது சைக்கிளிலேயே OF முடித்துத் தயாராக இருந்தாலும் PO 7 முதல் 12 வரை. I2 13, I3 14. கடைசி WB 15. அதுதான் விடை. நெடுவரிசை வழியிலும் இதைச் செய்யலாம், PO முடியும் சைக்கிளை எழுதிக்கொண்டு போனால் 6, 12, 13, 14, அதோடு ஒன்று 15. ஆனால் எந்த ஸ்டேஜின் எண்ணை எழுத வேண்டும் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும், அந்த முடிவைத் தப்பாக எடுத்தால் எல்லாம் போச்சு. ஒன்றுக்கு மேற்பட்ட சைக்கிள் எடுக்கும் ஸ்டேஜ் இருக்கிறது என்று கண்டாலே கட்டம் போட்டுவிடுங்கள். எத்தனை வரிதான் தரப்போகிறார்கள், நான்கோ ஐந்தோ.

அந்தக் கேள்வியின் விடைத் தெரிவுகள் எனக்குப் பிடித்தமானவை. 15-ஓடு 17-ம் 19-ம் இருந்தன. ஃபார்வர்டிங் இல்லை என்று நினைத்து, எழுதும் சைக்கிளிலேயே படிக்கலாம் என்று எடுத்தால் I2-இன் OF 13, PO 14, WB 15, I3-இன் OF 15, PO 16, WB 17. அடுத்த சைக்கிளில்தான் படிக்கலாம் என்று எடுத்தால் I2-இன் WB 16, I3-இன் WB 19. அதாவது ஃபார்வர்டிங் என்ற சொல்லை வாசிக்காமல் விட்டவருக்கும் அவர் எதிர்பார்த்த எண் அங்கே காத்திருந்தது. உங்கள் விடை தெரிவுகளில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, சரி என்று முடிவு கட்டிவிட முடியாது.

பிராஞ்ச் வந்தால் மூன்று வழிக்கும் ஒரு சிறு ஒட்டு போட வேண்டும். முடிவு ID-இல் எடுக்கப்பட்டால், தாவும்போது பின்னால் எடுத்துவைத்த ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனைக் கொட்ட வேண்டும், EX-இல் என்றால் இரண்டு, MEM-இல் என்றால் மூன்று. இது டேட்டா ஸ்டாலுக்குப் பின்னால் நடப்பது, அதனால் ஒன்றன்மேல் ஒன்று விழாது, தைரியமாகக் கூட்டலாம். கூட்டும்போது வேடிக்கையான ஒன்று நடக்கும். `lw $t5` வந்து அடுத்த வரியே `beq $t5, $zero, L` என்று வைத்துக்கொள்வோம். ஃபார்வர்டிங் உண்டு, பிராஞ்ச் தாவுகிறது. முடிவு EX-இல் என்றால் `$t5`-க்காக 1 ஸ்டால், கொட்டியது 2, நஷ்டம் 3. முடிவை ID-க்கு முன்னால் கொண்டுவந்தால் கொட்டுவது 1 ஆகக் குறையும், ஆனால் மதிப்பு ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே வேண்டியிருப்பதால் ஸ்டால் 2 ஆகும். மறுபடியும் 3. தாவாவிட்டாலோ EX-இல் முடிவெடுத்தால் 1, ID-இல் எடுத்தால் 2. "பிராஞ்சை ID-க்கு மாற்றினால் எவ்வளவு மிச்சம்?" என்ற கேள்வியில் பிராஞ்சுக்கு முந்தின வரி `lw`-ஆ என்று பார்க்காமல் எழுதும் விடை இங்கேதான் கவிழும். ID-இல் முடிவெடுக்கும் பைப்லைனில் EX நெடுவரிசையை மட்டும் எழுதிக்கொண்டு போனால் இந்த இரண்டாவது ஸ்டால் கண்ணில் படாது. `beq` வரியில் மட்டும் ID எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆக எந்தத் தேர்வுக்கு எது? கேட்டில் 180 நிமிடத்துக்கு 65 கேள்விகள், ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. எண்ணைத் தட்டச்சு செய்யும் வகைக் கேள்வியில் வழிமுறைக்கு மதிப்பெண் கிடையாது, எண் மட்டும்தான். அங்கே நெடுவரிசை வழியை எடுங்கள். கேள்வியில் ஃபார்வர்டிங் என்று கண்டு, ஒரு சைக்கிள் ஸ்டேஜ்கள் மட்டும் இருந்து, பிராஞ்சும் இல்லாவிட்டால், ஒட்டிய `lw` ஜோடிகளை எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பல சைக்கிள் ஸ்டேஜ் என்றால் கட்டம். ஃபார்வர்டிங் இல்லாத கேள்வியில் ஜோடி கூட்டும் வழியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைத் திருத்தித் திருத்திச் சரியாகப் போடத் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படாது.

பல்கலைக்கழகத் தேர்வில் நிலைமை வேறு. 13 மதிப்பெண் கேள்வி என்றால் திருத்துபவர் கட்டத்தைத்தான் தேடுவார். கடைசி எண் தப்பானாலும் கட்டத்துக்குப் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும், ஆறு எண்களை மட்டும் எழுதியவருக்கு அந்தப் பாதியும் வராது. அங்கே கட்டத்தையே வரையுங்கள், அனுமானத்தை மேலே ஒரு வரியில் எழுதுங்கள்: ஃபார்வர்டிங் உண்டா, ரெஜிஸ்டர் ஃபைலில் அதே சைக்கிளில் படிக்கலாமா, பிராஞ்ச் முடிவு எந்த ஸ்டேஜில். பிறகு தாளின் ஓரத்தில் பென்சிலால் நெடுவரிசைக் கணக்கையும் போடுங்கள். கடைசி ID-யோடு மூன்றைக் கூட்டினால் கட்டத்தின் கடைசி WB வர வேண்டும். வரவில்லையென்றால் இரண்டிலும் ID எண்களை மேலிருந்து ஒப்பிட்டுப் பாருங்கள், முதலில் வேறுபடும் வரிசையில்தான் தவறு இருக்கும். பெரும்பாலும் அது, முன்னால் நின்றவரின் பின்னால் IF-இல் நிற்க வைக்க மறந்துபோன வரிசையாக இருக்கும்.